சம்பளமில்லாத மே மாதம்

இரண்டாம் ஆண்டு பி.காம். தேர்வுகள் முடியும் சமயத்தில் கல்லூரி வராந்தாக்களில் இப்படி ஒரு தகவல் சுற்றும்: "மயிலாப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கறாங்களாம். மே, ஜூன் ரெண்டு மாசம். சம்பளம் கிடையாது. ஆனா நல்லா கத்துக்கலாம், சர்ட்டிபிகேட்டும் தருவாங்க." மயிலாப்பூரிலேயே வீடு உள்ள மாணவருக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு நடந்து போய்விடலாம், மதியம் வீட்டுக்கு வந்துகூடச் சாப்பிடலாம். அரக்கோணத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து படிக்க வரும் மாணவிக்கு அதே வாய்ப்பு முற்றிலும் வேறு விலையில் வருகிறது. அந்த விலையை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. வகுப்பாசிரியர் "போ, பின்னாடி உதவும்" என்பார். வீட்டில் "காசு கொடுக்காம வேலை வாங்கறவங்ககிட்ட எதுக்குப் போகணும்?" என்பார்கள். இரண்டுமே அக்கறையில் வரும் வார்த்தைகள்தாம். ஆனால் இரண்டிலும் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் மாணவி கற்பனைதான். ஆனால் அவளுடைய நிலைமை தமிழ்நாட்டின் எந்த அரசுக் கல்லூரி வகுப்பறையிலும் நாலைந்து பேருக்குப் பொருந்தும். அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை, தம்பி பத்தாம் வகுப்பு. அவள் மாலை ஐந்து முதல் ஏழு வரை தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன் எடுக்கிறாள். தலைக்கு மாதம் 400 ரூபாய். ஆக 3,200 ரூபாய் அவள் கையால் வீட்டுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இந்த இரண்டுக்கும் ஏற்கெனவே செலவு இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். புறநகர் ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் சுமார் 270 ரூபாய். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் போய், பறக்கும் ரயிலில் திருமயிலை. அந்தத் துண்டுக்கு இன்னொரு சீசன், சுமார் 100 ரூபாய். மாணவர் சலுகை சீசன் இருக்கிறதே என்று தோன்றும். அது வீட்டுக்கும் படிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பயணத்துக்காகக் கல்லூரி முதல்வர் சான்று கொடுத்து வாங்குவது. விடுமுறையில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வர அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. முழுக் கட்டணம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 370 ரூபாய்தான். இவ்வளவு தூரத்துக்கு இதைவிட மலிவான பயணம் கிடையாது.

இந்த மலிவுதான் பலரை ஏமாற்றுகிறது. "சீசன் எடுத்துட்டா முன்னூத்தி எழுபதுதானே" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். சீசன் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரைதான். காலையில் கிராமத்திலிருந்து அரக்கோணத்துக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்த பஸ்ஸை நம்பி இறங்க முடியாது. ஷேர் ஆட்டோ 20 ரூபாய். விடிவதற்கு முன் கட்டிய சாப்பாடு மே மாத வெயிலில், நெரிசல் ரயிலில் பயணம் செய்து மதியம் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தாங்கும், சாம்பார் சாதம் தாங்காது. வாரத்தில் இரண்டு நாளாவது வெளியில் சாப்பிட வேண்டிவரும், ஒரு வேளை 70 ரூபாய். மாலையில் ஒரு டீயும் பிஸ்கட்டும் இல்லாமல் இரவு வீடு சேரும்வரை இருக்க முடியாது, அது நாளுக்கு 30 ரூபாய்.

மாதம் இருபத்திரண்டு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஷேர் ஆட்டோ 440, டீச் செலவு 660, எட்டு நாள் மதியச் சாப்பாடு 560, சீசன் 370. மொத்தம் 2,030 ரூபாய். கட்டணம் 370, போய்வரும் செலவு அதைப்போல ஐந்தரை மடங்கு. இதோடு அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும்படி இரண்டு சுடிதார், நடந்தால் அறுந்துபோகாத ஒரு செருப்பு என்று முதல் நாளுக்கு முன்பே 1,500 ரூபாய் வேண்டும். பணத்தின் அளவைப் போலவே அது எப்போது தேவைப்படுகிறது என்பதும் முக்கியம். இன்டர்ன்ஷிப்பின் செலவில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே கேட்கும். பலன் எப்போது வரும் என்று தேதி கிடையாது. அந்த முதல் வாரப் பணத்துக்காக மகளிர் குழுவிலோ வட்டிக்கோ கடன் வாங்கவேண்டி வந்தால், அந்த மாதம் போகவேண்டாம் என்பதே என் கருத்து. சம்பளம் வராத வேலைக்கு வட்டி மட்டும் மாதம் தவறாமல் வரும்.

அடுத்து நேரம். காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆறரை வாக்கில் ரயில். எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டி என்றால் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பறக்கும் ரயிலுக்குக் காத்திருந்து, திருமயிலையில் இறங்கி நடந்து அலுவலகத்தில் நுழையும்போது ஒன்பதேகால். மாலை ஆறு மணிக்கு விட்டால் வீடு வரும்போதும் ஒன்பதேகால்தான். ஒரு நாளில் பதினைந்தரை மணி நேரம் வெளியே இருக்கிறாள். அதில் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் பயணமும் காத்திருப்பும். இருபத்திரண்டு நாளுக்கு 154 மணி நேரம். அலுவலகத்தில் அவள் இருப்பது, சாப்பாட்டு நேரம் போக, 176 மணி நேரம். கிட்டத்தட்ட கற்கும் நேரத்துக்குச் சமமாகப் பயண நேரமும் போகிறது. ரயிலில் படிக்கலாமே என்பவர்கள் காலையில் திருவள்ளூரைத் தாண்டிய அரக்கோணம் வண்டியில் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். அரக்கோணத்தில் ஏறுவதால் அவளுக்குப் போகும்போது உட்கார இடம் கிடைக்கலாம். திரும்பி வரும்போது பாதி வழியாவது நின்றுதான் வரவேண்டும்.

இதுவரை பார்த்தது கண்ணுக்குத் தெரியும் செலவு. பெரிய செலவு வீட்டில், மாலை ஐந்து மணிக்கு, அவள் இல்லாத திண்ணையில் நடக்கிறது.

மே மாதம் பள்ளிகளுக்கு விடுமுறை. டியூஷனும் கிடையாது. அதனால் மே மாதம் இன்டர்ன்ஷிப் போனால் அவள் இழக்கும் வருமானம் ஒன்றுமில்லை. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் எந்தப் பிள்ளை எந்த டியூஷன் என்று அம்மாக்கள் முடிவு செய்கிறார்கள். அவள் ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஜூன் மாதத்தில் போவது அந்த மாதத்து 3,200 ரூபாய் மட்டுமல்ல. எட்டுப் பிள்ளைகளும் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஜூலையில் அவள் மறுபடி உட்காரும்போது பாதிப் பேர் திரும்பி வந்தால் அதுவே பெரிது. நான்கு பேர் வராமல் போனால் மாதம் 1,600 ரூபாய். ஜூலையிலிருந்து மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு 14,400 ரூபாய்.

இப்போது இரண்டு மாதத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மே மாதத்தின் விலை, முதல் செலவு 1,500 உள்பட, 3,530 ரூபாய். ஜூன் மாதத்தின் விலை, போய்வரும் செலவு 2,030, இழந்த டியூஷன் 3,200, பிறகு இழக்கப்போகும் 14,400 எல்லாம் சேர்த்து 19,630 ரூபாய். அதே அலுவலகம், அதே நாற்காலி, அதே வேலை. இரண்டாவது மாதம் முதல் மாதத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் விலை அதிகம். "ரெண்டு மாசம்" என்று ஒரே பொட்டலமாகச் சொல்லப்படும்போது இது கண்ணில் படுவதில்லை. பெரும்பாலானவர்கள் போகலாமா வேண்டாமா என்று மட்டும் யோசிக்கிறார்கள். எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டால்தான் வழி திறக்கிறது. டியூஷன் எடுக்காதவருக்கு அந்த இடத்தில் வேறொன்று இருக்கும்: முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறும் வேலை, ஜவுளிக் கடையில் ஆடி மாதத்துக்கு எடுக்கும் தற்காலிக வேலை, அறுவடைக் கூலி. அது எந்த மாதத்தில் வருகிறது, ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

விலை தெரிந்துவிட்டது. வாங்குவது என்ன? ஆடிட்டர் அலுவலகத்து வேலை ஒரு சக்கரம் போலச் சுற்றுகிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி செலுத்தும் வியாபாரிக்கு, போன மாதத்து விற்பனை பில்களையெல்லாம் டேலியில் ஏற்றி, 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யவேண்டும். 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற பட்டியல் வரும். அவர் யார் யாரிடம் சரக்கு வாங்கினாரோ அவர்கள் காட்டிய வரி அதில் இருக்கும். அதையும் வியாபாரியின் கொள்முதல் கணக்கையும் வரிவரியாக ஒப்பிட்டு, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்து வரி கட்டவேண்டும்.

அந்த ஒப்பிடும் வேலையில்தான் பாடப் புத்தகத்தில் இல்லாத படிப்பு இருக்கிறது. ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 18,000 ரூபாய் வரியும் சேர்த்து 1,18,000 கொடுத்திருக்கிறார். பில் கையில் இருக்கிறது. 2பி-யில் அந்த பில் இல்லை. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அதைக் காட்டவில்லை, அல்லது வேறு யாருடைய ஜிஎஸ்டி எண்ணிலோ ஏற்றிவிட்டார். இந்த மாதம் அந்த 18,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள முடியாது, கடைக்காரர் கையிலிருந்து கட்டவேண்டும். விற்றவருக்குப் போன் செய்து, பில் எண்ணைச் சொல்லி, அடுத்த மாதமாவது சரிசெய்ய வைக்கவேண்டும். கடைக்காரருக்கு ஏன் கூடுதலாகக் கட்டவேண்டியிருக்கிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும். இந்த ஒரு பிரச்சினையைத் தானே கண்டுபிடித்து, தானே போன் செய்து முடித்த மாணவி, அடுத்த வருடம் நேர்முகத் தேர்வில் "உள்ளீட்டு வரி வரவு என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் ஒப்பிக்கமாட்டாள்.

ஆகவே ஒரு முழுச் சுற்றைப் பார்ப்பதற்குக் குறைந்தது மாதத்தின் முதல் நாளிலிருந்து 20-ஆம் தேதி வரை வேண்டும். மே மாதத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டின் டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் மே 31. எனவே மே மாதம் முழுவதும் இருப்பவள் ஜிஎஸ்டி, டிடிஎஸ் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்துவிடுகிறாள். ஜூனில் இரண்டாவது சுற்று வரும்போது அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்வாள். அதிலும் பயிற்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் சுற்றில் அவள் கற்றுக்கொள்கிறாள், அலுவலகம் சொல்லித்தருகிறது. இரண்டாவது சுற்றில் அவள் வேலை செய்கிறாள், அலுவலகம் பயனடைகிறது. சம்பளம் இல்லாமல் இருப்பதற்கு முதல் சுற்றில் ஒரு நியாயம் உண்டு. இரண்டாவது சுற்றில் அது குறைந்துகொண்டே போகிறது. அதே அலுவலகத்தில், அநேகமாகப் பக்கத்து மேசையிலேயே, சி.ஏ. படிக்கும் ஆர்ட்டிகிள் மாணவர் இருப்பார். அவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விதி சொல்கிறது. பி.காம். இன்டர்னுக்கு அப்படி ஒரு விதி இல்லை. இதனால்தான் எவ்வளவு காலம் இலவசமாக இருப்பது என்ற எல்லையை மாணவிதான் போட்டுக்கொள்ளவேண்டும்.

கல்லூரி உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். இப்போதைய பல கலை அறிவியல் பாடத்திட்டங்களில் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்து, ஐந்தாம் பருவத்தில் இரண்டு கிரெடிட் வாங்கவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024-ஆம் ஆண்டு இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல் ஒரு கிரெடிட்டை 30 மணி நேரமாகக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் இரண்டு கிரெடிட் என்பது 60 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் எட்டே நாள். உங்கள் கல்லூரியின் விதி வேறாக இருக்கலாம். துறைத் தலைவரிடம் எத்தனை மணி நேரம், சான்றிதழில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. "காலேஜ்ல கட்டாயம்" என்ற ஒரு வார்த்தைக்காக இரண்டு மாதம் போகிறவர்களில் பலருக்கு, கட்டாயம் எட்டு நாளில் முடிந்துபோனது தெரிவதில்லை. அதற்குமேல் இருப்பதெல்லாம் விருப்பம். விருப்பம் என்றால் நிபந்தனை பேசலாம்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் பலர் தயங்குகிறார்கள். சம்பளமே இல்லாத இடத்தில் இன்னும் என்ன கேட்பது என்று கூச்சம். கேட்கலாம், மரியாதையாகவும் சுருக்கமாகவும். "சார், நான் அரக்கோணம் பக்கத்துல இருந்து வர்றேன். போக வர ஏழு மணி நேரம் ஆகும். தினமும் வந்தா ஒரு வாரத்துல முடியாம போயிடும். வாரம் மூணு நாள் வரட்டுமா சார்? பதினொண்ணு, இருபது, முப்பத்தொண்ணுக்கு முந்தின நாட்கள்ல கண்டிப்பா இருப்பேன். மே முப்பத்தொண்ணு வரைக்கும் வர்றேன். ஜூன்ல டியூஷன் எடுக்கணும்." இந்தப் பேச்சில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தாக்கல் தேதிகளை அவளே சொல்கிறாள். அலுவலகத்துக்கு எந்த நாளில் கை தேவை என்று தெரிந்தவள் என்பது ஆடிட்டருக்கு உடனே புரியும். பெரும்பாலான சிறிய அலுவலகங்களில் இந்தக் கடைசி நாட்கள் தவிர்த்த மற்ற நாட்களில் இன்டர்னுக்குக் கொடுக்க வேலை தேடவேண்டியிருக்கும். ஆகவே "சரிம்மா, அப்படியே வா" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. அதோடு, "போக்குவரத்துச் செலவுக்கு ஏதாவது தர முடியுமா சார்?" என்றும் கேட்கலாம். ஸ்டைபண்ட் என்று கேட்டால் கொள்கையைப் பற்றிப் பேசுவார்கள். சீசன் டிக்கெட்டைக் காட்டிக் கேட்டால் அது ஒரு வவுச்சர். கணக்கு அலுவலகத்தில் வவுச்சருக்கு மதிப்பு உண்டு.

வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று நாள். போய்வரும் செலவு 2,030-லிருந்து 1,300 ரூபாயாகக் குறைகிறது. சீசன் குறையாது, மற்றவை குறையும். பணத்தில் இது பெரிய மாற்றமில்லை. நேரத்தில் 154 மணி நேரம் 91 ஆகிறது. 63 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. பெரம்பூர் மாதிரி அதே ரயில் பாதையில் சித்தி வீடு ஏதாவது இருந்தால், 10-ஆம் தேதி இரவும் 19-ஆம் தேதி இரவும் அங்கே தங்கிக்கொள்ளலாம். ஆனால் அதையே இருபத்திரண்டு இரவாக நீட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உறவினர் வீட்டில் வாடகை கேட்கமாட்டார்கள். ஆனால் விடிந்ததும் வாசல் தெளிப்பதும், வந்ததும் பாத்திரம் தேய்ப்பதும், பின்னால் "எங்க வீட்ல இருந்துதானே கத்துக்கிட்டா" என்ற பேச்சும் உண்டு. தனியார் விடுதி என்றால் சாப்பாட்டோடு ஆறாயிரம், ஏழாயிரம், மேலே அட்வான்ஸ். சம்பளமில்லாத மாதத்துக்கு அது நம் மாணவியின் கணக்கில் ஏறவே ஏறாது.

போகாமல் இருக்கும் நாட்களில் வீட்டில் லேப்டாப் இருந்தால் டேலியைக் கல்விப் பயன்பாட்டு முறையில் காசில்லாமல் நிறுவிப் பழகலாம். அதில் மாதத்தின் முதல் இரண்டு தேதிகளிலும் கடைசித் தேதியிலும் மட்டும்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும். அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை பார்த்த ஒரு பதிவைப் புதன்கிழமை வீட்டில் தானாகப் போட்டுப் பார்ப்பது, தினமும் போய் மற்றவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதைவிட மேல். ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளரின் பில்லையோ கடவுச்சொல்லையோ வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பெயரையும் தொகையையும் மாற்றி, தானே எழுதிய பில்களில்தான் பழகவேண்டும்.

இனி, தவறாகப் போவது எப்படி என்று பார்ப்போம். ஆடிட்டர் அலுவலகத்தில் முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது, ஒவ்வொன்றும் கணக்கோடு பொருந்துகிறதா என்று டிக் அடிப்பது. இது வீண் வேலை அல்ல. நூறு பில்லைக் கையால் புரட்டியவளுக்குத்தான் நூற்றியோராவது பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாதது கண்ணில் படும். ஆனால் ஜெராக்ஸ் எடுப்பது, ஸ்கேன் செய்வது, பேங்குக்குப் போய்வருவது, டீ வாங்கி வருவது என்று பத்து நாள் போனால் அது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் ரயில் ஏறியதும், இன்று என் கையால் செய்தது என்ன, யார் அதைச் சரிபார்த்தார், என்ன தப்பு சொன்னார் என்று மூன்று வரி எழுதவேண்டும். தப்பு சொல்ல ஆள் இல்லாத அலுவலகத்தில் கற்பது நடக்காது. 11-ஆம் தேதி தாக்கல் முடியும்போது, டேலியில் அவள் தானே போட்ட பதிவு ஒன்றுகூட இல்லை என்றால், மூத்தவரிடம் ஒருமுறை கேட்கலாம்: "அக்கா, 2பி ஒப்பிடற வேலையில ஒரு சின்ன கிளையன்ட் மட்டும் எனக்குக் குடுங்களேன், நீங்க செக் பண்ணுங்க." கேட்டும் நடக்கவில்லை என்றால், கல்லூரிக்கு வேண்டிய மணி நேரம் முடிந்த நாளில் தேதியோடும் மணிக்கணக்கோடும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விடைபெறலாம். சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பாதியில் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினைந்தாம் நாள் நின்றால் மீதி ஏழு நாளின் பயணம், 49 மணி நேரம், மிச்சம்.

பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் என்று சொல்லும் இடங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்", "சர்ட்டிபிகேட் சார்ஜ்" என்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் இடம், வேலை நடக்கும் அலுவலகமாக அநேகமாக இருக்காது. அது சான்றிதழ் விற்கும் கடை. அங்கே பயணக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

மயிலாப்பூர் மட்டும்தான் வழியா என்ற கேள்வியையும் கேட்கவேண்டும். அரக்கோணத்திலும் வரி ஆலோசகர் அலுவலகங்கள் உண்டு. ஜிஎஸ்டி தளம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மாறுவதில்லை. வேறுபாடு வாடிக்கையாளரில் இருக்கிறது. மயிலாப்பூரில் கம்பெனி தணிக்கை, ஏற்றுமதியாளர் கணக்கு, பல மாநிலக் கிளைகள் உள்ள நிறுவனம் என்று பார்க்கக் கிடைக்கும். அரக்கோணத்தில் மளிகைக் கடை, அரிசி மில், லாரி உரிமையாளர். மேலே சி.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால் சென்னை அலுவலகத்தில் அந்த ஒரு மாதம் பயன் தரும், ஆர்ட்டிகிளுக்கு இடம் தேடும்போது தெரிந்த முகம் ஒன்று இருக்கும். கணக்கர் வேலைக்குப் போய்ச் சீக்கிரம் சம்பளம் வாங்குவதுதான் குறி என்றால், சொந்த ஊரில் சின்ன அலுவலகத்தில் ஐம்பது தாக்கலைத் தன் கையால் செய்தவளுக்கே மதிப்பு அதிகம். உள்ளூர் அலுவலகத்தில் கல்லூரி திறந்த பிறகும் சனிக்கிழமைகளில் போகலாம். மாலை ஐந்து மணிக்குத் திண்ணைக்குத் திரும்பிவிடலாம். வேலை தெரிந்தவள் என்றால் மாதம் ஓரளவு பணமும் கேட்கலாம். இதற்கு மே மாதத்து மயிலாப்பூர் அனுபவம் ஒரு நல்ல அறிமுகமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், மாணவர்கள் பலருக்கு எட்டுவதே இல்லை. பட்டம் வாங்கிய பிறகு இதே போன்ற பயிற்சிக்குப் பணம் உண்டு. தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. அதில் ஒரு பங்கை மத்திய அரசே தருகிறது. தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பி.காம். பட்டதாரிகளும் இதில் சேரலாம். 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது அதில் மாதம் 5,000 ரூபாய். ஆனால் அது முழுநேரக் கல்லூரிப் படிப்பில் இருப்பவர்களுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு அறிவிக்கப்பட்டது. நம் மாணவிக்கு இப்போது இவற்றில் எதுவும் உதவாது. ஆனால் பதினான்கு மாதம் கழித்து, கையில் பட்டத்தோடு நிற்கும்போது, சட்டப்படி பணம் வரும் பயிற்சி ஒன்று காத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால், படிக்கும்போதே மூன்று மாதம், ஆறு மாதம் என்று இலவசமாக உழைக்க வேண்டிய பதற்றம் இருக்காது.

எனவே நம் மாணவிக்கு என் யோசனை இது. மே மாதம் மட்டும், வாரம் மூன்று நாள், தாக்கல் தேதிகளை ஒட்டி. சுடிதாரும் செருப்பும் இருப்பதை வைத்தே சமாளிக்க முடிந்தால் செலவு 1,300 ரூபாய். முடியாவிட்டால் 2,800. ஜூன் முதல் வாரம் எட்டுப் பிள்ளைகளும் அவள் திண்ணையிலேயே உட்காரவேண்டும். ஆடிட்டர் "ரெண்டு மாசம் முழுசா வந்தாத்தான், இல்லேன்னா வேண்டாம்" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அரக்கோணத்திலேயே ஓர் அலுவலகத்தைத் தேடுவது சரி.

இதே கணக்கு வேறு வீட்டில் வேறு விடை தரும். டியூஷன் இல்லாமல், திருவள்ளூரிலிருந்தே ரயில் ஏறுகிறவளுக்கு ஜூனும் கட்டுப்படியாகலாம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல், காலை நாலு மணிக்கு எழுந்து சோறு கட்ட ஆள் இல்லாத வீட்டில், மே மாதமே அதிகம். அங்கே உள்ளூரில் எட்டு நாள் போய்க் கல்லூரிக்கு வேண்டிய 60 மணி நேரத்தை முடித்துவிட்டு, மீதி விடுமுறையை வீட்டுக்கே கொடுக்கலாம்.